பெயருக்குப் பின்னால் நின்ற அம்மாள்

கேள்வி: எங்கள் பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயரெல்லாம் முத்தம்மாள், ஜானகி அம்மாள், உலகம்மை என்று முடிகிறது. அத்தைமார் பெயரில் தேவி வருகிறது. எங்கள் வயதுப் பெண்கள் பெயரில் இவை எதுவும் இல்லை. ஏன் அப்படி வைத்தார்கள், எப்படி மறைந்தது?

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பெயரிலிருந்து 'அம்மாள்' என்பதை எடுத்துவிட்டு, மிஞ்சுவது தனியே நிற்கிறதா என்று பாருங்கள். ஜானகி அம்மாளில் எடுத்தால் ஜானகி என்று முழுப் பெயர் நிற்கிறது. பிறந்தபோது வைத்த பெயர் அதுதான்; அம்மாள் என்பது பிறகு வந்து சேர்ந்த மரியாதை. முத்தம்மாளில் எடுத்தால் மிஞ்சுவது முத்து. அது ஆணா பெண்ணா என்றே தெரியாது. பொன்னம்மாள், ராஜம்மாள், தங்கம்மாள் எல்லாம் இந்த வகை. இங்கே அம்மாள் மரியாதைக்காக ஒட்டியதல்ல; பொன், ராஜ, தங்கம் என்ற சொல்லைப் பெண்ணின் பெயராக்குவதே அதுதான். எழுத்திலும் இந்த வித்தியாசம் தெரியும். முதல் வகையைப் பிரித்து எழுதலாம், அல்லது நடுவில் 'ய' வந்து ஜானகியம்மாள் ஆகும். இரண்டாவது வகையைப் பிரித்து 'முத்து அம்மாள்' என்று எழுதினால் கண்ணை உறுத்தும்.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் 'அம்மாள் ஏன் மறைந்தது' என்ற கேள்விக்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. மரியாதை அம்மாள் போன காரணம் வேறு, பெயருக்குள் கரைந்த அம்மாள் போன காரணம் வேறு.

பழமையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சங்கப் புலவர் பெயர்களில் அம்மாளும் இல்லை, அம்மையும் இல்லை. ஔவையார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று 'ஆர்' என்ற மரியாதை விகுதிதான் இருக்கிறது, அதுவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய கோயில் ஆடற்பெண்களான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்த பாதம் என்ற போக்கில் போகும் பட்டியல் அது. அடைமொழி பெயருக்கு முன்னால் நிற்கிறது. மங்கை, நங்கை போன்ற சொற்கள் பின்னால் வருகின்றன.

அம்மை என்ற சொல் பெயரோடு சேர்ந்து நமக்கு நன்றாகத் தெரிந்த முதல் பெரிய எடுத்துக்காட்டு காரைக்கால் அம்மையார். அவருடைய இயற்பெயர் புனிதவதி. அம்மையும் 'ஆர்' விகுதியும் சேர்ந்த அந்தப் பட்டம் பெயரையே மறைத்துவிட்டது. தாய் என்ற பொருளை மரியாதையாகத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் அங்கே தெளிவாகத் தெரிகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்களில் நடாதூர் அம்மாள் என்பவர் ஆண். காஞ்சி வரதனுக்குப் பாலைச் சூடு ஆற்றி, பதம் பார்த்துப் படைத்ததால், தாயைப் போல இருக்கிறாரே என்று பெருமாளே அப்படி அழைத்ததாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அம்மாள் என்பது பெயரின் வாலாக இல்லை, 'தாய்' என்ற சொல்லாகவே உயிரோடு இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று. நாயக்கர் காலத்துக்கு வந்தால் நிலைமை வேறு. 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரில் தெலுங்கு மங்கம்மாவுக்குத் தமிழ் 'ள்' ஏறியிருக்கிறது. தெலுங்கு பேசும் வீடுகளின் நாகம்மா, வெங்கம்மா எல்லாம் தமிழ் ஏட்டில் நாகம்மாள், வெங்கம்மாள் ஆவது இப்படித்தான்.

இனி, பெயருக்குள் கரைந்த வகை. இதன் பெரிய ஊற்று ஊர்த் தெய்வம். மாரியம்மன் வீட்டுப் பெண் மாரியம்மாள். காளியம்மனுக்கு நேர்ந்து பிறந்தவள் காளியம்மாள். திருநெல்வேலிப் பக்கம் பேச்சியம்மாள், இசக்கியம்மாள். தெய்வத்துக்கு 'அம்மன்', பெண்ணுக்கு 'அம்மாள்' என்று ஈறு மட்டும் மாறும். கிறித்தவர்களும் இதே அச்சில்தான் வார்த்தார்கள்: மரியம்மாள், சவரியம்மாள், அந்தோணியம்மாள், ஞானம்மாள். அப்துல் கலாமின் தாயார் பெயர் ஆஷியம்மா. ஆக இது ஒரு மதத்தின் ஈறு அல்ல. தமிழ் பேசும் இடத்தில் பெண்பெயரைக் கட்டும் முறை. சிவன் கோயில் அம்பாளின் பெயரை வைத்தவர்கள் அம்பாளையே ஈறாக்கினார்கள்: கற்பகாம்பாள், மீனாம்பாள், சுந்தராம்பாள்.

அம்மை என்ற வடிவம் தெற்கிலும் செட்டிநாட்டிலும் அழுத்தமாக நின்றது. பாபநாசத்திலும் தென்காசியிலும் உலகம்மை. அதனால் அந்தச் சுற்று வட்டாரத்தில் உலகம்மைகள். நகரத்தார் பெயர்களில் இதன் அமைப்பு இன்னும் துல்லியம். அப்பன் என்று முடியும் ஆண்பெயருக்கு அம்மை என்று முடியும் பெண்பெயர் இணையாக இருக்கும்: மெய்யப்பன், மெய்யம்மை, அழகப்பன், அழகம்மை, தேனப்பன், தேனம்மை, வள்ளியப்பன், வள்ளியம்மை. பாட்டி பெயரைப் பேத்திக்கு இடும் வழக்கம் அங்கே உறுதியாக இருப்பதால், மற்ற இடங்களில் அம்மை அழிந்த பிறகும் செட்டிநாட்டில் வள்ளியம்மைகளும் தேனம்மைகளும் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பெயர் ஈறு பிழைப்பதற்குப் பெயரிடும் விதிதான் வேர். விதி தளர்ந்த இடத்தில் ஈறும் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் 'ள்' ஏறாமல் செல்லம்மா, பொன்னம்மா, அன்னம்மா என்றே நின்றது. கொங்குப் பகுதியில் அம்மாளுக்குப் பதில் ஆத்தாள் வரும்: ராமாத்தாள், சின்னாத்தாள்.

மரியாதை அம்மாள் எப்படி ஒட்டியது? அது பிறப்பில் வருவதில்லை. சிறுமியாக இருக்கும்போது அவள் வெறும் ஜானகி. கல்யாணமாகி, ஒரு வீட்டுக்கு எஜமானி ஆனபின்தான் வெளியார் வாயிலும் பத்திர எழுத்தர் பேனாவிலும் ஜானகி அம்மாள். வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாரும் கிடையாது; அண்ணி, மதினி, அத்தை, பாட்டி என்ற முறைப்பெயர்தான். ஆகவே 'ஜானகி அம்மாள்' என்ற முழு வடிவம் பெரும்பாலும் காகிதத்தில்தான் வாழ்ந்தது: கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் உபயக் கல். எல்லாப் பெண்களுக்கும் அது கிடைக்கவும் இல்லை. நிலம் வைத்திருந்த வீட்டுப் பெண்ணுக்கு அம்மாள் போட்ட அதே எழுத்தர், அந்த நிலத்தில் நாற்று நட்ட பெண்ணின் பெயரை மொட்டையாக எழுதினார். இதை மறந்துவிட்டு, 'பழைய காலத்தில் எல்லாப் பெண்களையும் அம்மாள் என்று மதித்தார்கள்' என்று பேசுவது சரியல்ல.

செல்லப்பெயரோடும் இது ஒட்டும். டி.கே. பட்டம்மாளுக்கு வைத்த பெயர் அலமேலு. வீட்டில் 'பட்டா' என்று கூப்பிட்டார்கள். அந்தப் பட்டாவோடு அம்மாள் சேர்ந்து, கச்சேரி மேடையிலும் இசைத்தட்டிலும் நிலைத்துவிட்டது. அலமேலு எங்கே போனாள் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது மறைந்த விதத்துக்கு வருவோம். என் கணிப்பில் முதல் அடி விழுந்தது பெண்ணின் பெயரில் அல்ல, கணவன் பெயரில். பழைய கல்யாணப் பத்திரிகையில் பெற்றோர் பெயர் ஒரு சோடியாக வரும்: இன்ன முதலியார், இன்ன அம்மாள்; இன்ன ஐயர், இன்ன அம்மாள்; இன்ன பிள்ளை, இன்ன அம்மாள். ஆணின் வால் சாதிப்பட்டம், பெண்ணின் வால் அம்மாள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு சாதிப்பட்டத்தை வெட்டுவது ஓர் இயக்கமாகவே ஆனது. ஆண் பெயர் மொட்டையான இடத்தில் பக்கத்திலிருந்த அம்மாள் துணையில்லாமல் நின்றது. அம்மாள் சாதிப்பெயர் இல்லை, யாரும் அதை எதிர்த்துப் பேசவும் இல்லை. ஆனாலும் சோடி உடைந்ததால் அதுவும் மெல்ல உதிர்ந்தது.

அதே சுயமரியாதை இயக்கம் அம்மையார் என்ற வடிவத்தை எடுத்துப் பெருமைப்படுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். நாகம்மையார், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார், மணியம்மையார். சாதி சுட்டாத, ஆனால் முழு மரியாதை தரும் ஒரு சொல் மேடைக்குத் தேவைப்பட்டது. அம்மையார் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பிறநாட்டவரும் இதற்குள் வந்தார்கள்: பெசண்ட் அம்மையார். இந்த வடிவம் வீட்டுப் பெயர்களுக்குள் இறங்கவே இல்லை. பொதுவாழ்வுக்கு வந்தவர்களோடு நின்றுவிட்டது. அரசுத் திட்டப் பெயர்களில் அது இன்றும் இருக்கிறது. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் பிறகு கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் உயர்கல்வித் திட்டமாக மாறியபோதும் பெயரில் அம்மையார் தொடர்ந்தார். தர்மாம்பாள் அம்மையார் பெயரிலான திட்டத்தில் அம்பாளும் அம்மையும் அடுத்தடுத்து நிற்கின்றன. பெயருக்குள் கரைந்த ஈற்றில் மரியாதை இருப்பது மறந்துபோய், புதிதாக இன்னொன்று வைக்கவேண்டி வந்திருக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் நேரடியானது. மரியாதை பெயருக்குப் பின்னாலிருந்து முன்னால் இடம் மாறியது. முதலில் ஸ்ரீமதி வந்தது. 1967-இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்பவற்றை நீக்கித் திரு, திருமதி, செல்வி என்று ஆக்கியது. திருமதி ஜானகி என்று எழுதிய பிறகு அம்மாளுக்கு அங்கே வேலை இல்லை. இரண்டையும் போட்டு 'திருமதி ஜானகி அம்மாள்' என்று எழுதுவது இன்றும் உண்டு. ஆனால் அப்படி எழுதினால் வயதானவர் என்று பொருள். மரியாதைச் சொல்லாக இருந்தது வயதுச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கம் வந்தபின் எந்த இளம்பெண்ணும் அதை விரும்பவில்லை.

மூன்றாவது, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. அம்மாள் என்பது கல்யாணத்துக்குப் பின் வரும் ஒட்டு என்று பார்த்தோம். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கும்போது எழுதிய பெயரே சான்றிதழுக்கும் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் அடிப்படை என்று ஆனபின், கல்யாணத்துக்குப் பிறகு பெயர் வளர வழியில்லை. முன்னால் ஓர் எழுத்து, அப்புறம் பெயர், அவ்வளவுதான். படிக்கப் போகாத தலைமுறைப் பெண்களிடம் அம்மாள் தங்கியதற்கும் படித்த தலைமுறையில் உதிர்ந்ததற்கும் இந்தக் காரணத்தைவிடப் பெரியது எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பெயருக்குள் கரைந்த வகைக்கு இந்தக் காரணங்கள் பொருந்தாது. முத்தம்மாளைப் பள்ளியில் சேர்த்தால் முத்தம்மாள்தான். அங்கே மாறியது புதிதாகப் பெயர் வைப்பவர்களின் ருசி. கமலம்மாளை வீட்டில் கமலம் என்பார்கள், அடுத்த தலைமுறையில் கமலம் என்றே வைத்தார்கள், அதற்கடுத்து கமலா. பாட்டி பெயரை விட மனமில்லாதவர்கள் தலையை மட்டும் வைத்துக்கொண்டு வாலை மாற்றினார்கள்: பொன்னம்மாளின் பேத்தி பொன்மணி, ராஜம்மாளின் பேத்தி ராஜேஸ்வரி, செல்லம்மாளின் பேத்தி செல்வி. சினிமாவும் வழி காட்டியது. தஞ்சாவூரில் ராஜாயியாகப் பிறந்தவர் திரையில் டி.ஆர். ராஜகுமாரி ஆனார். ஆயி, அம்மாள் என்றால் ஊர். குமாரி, மாலா, ராணி, தேவி என்றால் பட்டணம். தனித்தமிழ்ப் பக்கம் போனவர்கள் தமிழ்ச்செல்வி, கயல்விழி, மலர்க்கொடி என்று வேறு ஈறுகளைக் கொண்டுவந்தார்கள்.

ஒரே குடும்பத்தில் இதை வரிசையாகப் பார்க்க வேண்டுமானால் வீணை தனம்மாள் வீடு நல்ல எடுத்துக்காட்டு. தனம்மாள் 1867-இல் பிறந்தவர். தனம் என்ற சொல்லில் அம்மாள் கரைந்த பெயர். அவருடைய நான்கு பெண்கள் ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜயம்மாள், காமாட்சி. இதில் ஜயம்மாள் பெயரில்தான் ஈறு பெயருக்குள் இருக்கிறது. மற்றவர்களை ராஜலட்சுமி அம்மாள், காமாட்சி அம்மாள் என்று எழுதுவது மரியாதைக்காக. எடுத்தாலும் பெயர் நிற்கும். அடுத்த தலைமுறையில் ஜயம்மாளின் மகள், 1918-இல் பிறந்த பாலசரஸ்வதி. காமாட்சியின் பெண்கள் பிருந்தா, முக்தா. இவர்கள் பெயருக்குள் அம்மாள் இல்லை. மேடையில் மரியாதைக்காகச் சேர்ப்பதும் தளர்ந்துவிட்டது. அதற்கடுத்து பாலசரஸ்வதியின் மகள் லட்சுமி, ஒட்டே கிடையாது. ஆக முதலில் பெயருக்குள் இருந்து போகிறது, பிறகு பெயருக்கு வெளியே இருந்தும் போகிறது.

பாரதியார் வீட்டில் வேறொன்று நடந்தது. மனைவி செல்லம்மாள், மூத்த மகள் தங்கம்மாள், இளையவள் சகுந்தலா. அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவிலேயே ஈறு நின்றுவிட்டது. பிறகு அவர்கள் எழுதியபோது செல்லம்மா பாரதி, தங்கம்மாள் பாரதி, சகுந்தலா பாரதி என்று எழுதினார்கள். பெயரின் கடைசி இடம் குடும்பப் பெயருக்குப் போனது. இன்று அந்த இடத்தில் கணவன் பெயரோ அப்பா பெயரோ உட்கார்ந்திருப்பதன் தொடக்கம் இத்தகைய பெயர்கள்தான்.

தேவி இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. சோழர் காலத்தில் மாதேவி என்பது அரசியின் பட்டம். ராஜராஜனின் அரசி லோகமாதேவியின் இயற்பெயர் தந்திசக்தி விடங்கி. கண்டராதித்தரின் மனைவி செம்பியன் மாதேவி பெயரில் நாகப்பட்டினம் பக்கம் ஊரே இருக்கிறது; நெல்லைப் பக்கம் சேரன்மாதேவி. சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்குத் தேவி என்று முடியும் பெயர் அன்று வழக்கம் இல்லை. உங்கள் அத்தைமாரின் தேவி அந்தப் பட்டத்தின் தொடர்ச்சி அல்ல. அது 20-ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்தும், தேசிய இயக்கத்தின் வழியாகவும், மேடை, சினிமா வழியாகவும் வந்தது. 1904-இல் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி, கர்நாடகத்திலிருந்து வந்த சரோஜாதேவி, ஆந்திரத்திலிருந்து வந்த அஞ்சலிதேவி என்று காதில் விழுந்த பெயர்களைக் கேட்டு உமாதேவி, சித்ராதேவி, ரமாதேவி, கலாதேவி என்று வைத்தார்கள். அம்மாளுக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு, தேவி பிறந்தவுடனே வைப்பது. வயதோ கல்யாணமோ தேவையில்லை. அதனால்தான் பள்ளிப் பதிவேட்டுக் காலத்திலும் அது பிழைத்தது. பிறகு சின்னப் பெயர் மோகம் வந்தது: பிரியா, திவ்யா, வித்யா. உமாதேவி உமா ஆனாள். ஈற்றிடத்துக்கு ஸ்ரீ வந்தது: ஜெயஸ்ரீ, நித்யஸ்ரீ. அரசு ஏட்டில் பெயருக்கு முன்னாலிருந்து நீக்கிய ஸ்ரீ இப்படிப் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

பாட்டிமார் பெயரைப் பழைய காகிதங்களில் தேடுவதாக இருந்தால் இதெல்லாம் உதவும். ஈற்றை நம்பித் தேடாதீர்கள். கணவர் பெயரையும் ஊரையும் பிடித்துக்கொண்டு தேடுங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் முன்னெழுத்தோடு 'கோ. ஜானகி', பின் கணவர் முன்னெழுத்தோடு 'ரா. ஜானகி அம்மாள்', இருவரும் ஒருவரே. மாமியார் பெயரும் மருமகள் வயிற்றுப் பெண்ணின் பெயரும் ஒன்றாகிவிட்டால், மருமகள் மாமியார் பெயரைச் சொல்லக் கூசி வேறு பெயரால் அழைப்பாள். அந்த அழைப்புப் பெயரே ரேஷன் அட்டையில் ஏறியிருக்கும். பத்திரத்தில் 'முத்தம்மாள் (எ) மீனாட்சி' என்று வருவதற்குப் பல நேரம் காரணம் இதுதான். பிறப்புப் பதிவில் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பழைய பதிவுகள் பலவற்றில் அப்பா பெயரும் 'பெண்' என்பதும் மட்டுமே இருக்கும். கணினியில் ஆங்கில எழுத்தில் தேடினால் Chellammal, Sellammal, Chellamma, Sellamma என்று நான்கு வடிவத்தையும் போட்டுப் பாருங்கள்.

வாரிசுச் சான்றுக்கோ பட்டா மாற்றத்துக்கோ போகும்போது, பட்டாவில் ஜானகி அம்மாள், இறப்புச் சான்றில் ஜானகி என்று இருந்தால் பெரும்பாலும் விசாரணையிலேயே தீர்ந்துவிடும். மரியாதை ஒட்டு என்பது எல்லோருக்கும் புரியும். பட்டாவில் முத்தம்மாள், இறப்புச் சான்றில் முத்து என்று இருந்தால்தான் சிக்கல், முத்து வேறொரு ஆளாகவே தெரிவார். அந்த நிலையில் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கணவர் பெயரும் முகவரியும் பொருந்தும் வேறு ஆவணம் ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.